கவுண்டர் நோட்டீஸ் அனுப்பும் முன் அந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

தைப்பூசம் முடிந்தால் போதும், இங்கே மொரிசியஸில் நம் கோயில் யூடியூப் சேனல் வைத்திருக்கும் பிள்ளைகளிடமிருந்து அதே புலம்பல் வந்துவிடும். "காவடி வீடியோ போட்டேன் அண்ணா, காப்பிரைட் என்று தூக்கிவிட்டார்கள். திருப்புகழுக்கு எவன் சொந்தக்காரன்?" கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கோபத்தோடு, நீக்கியது தவறு என்று எதிர்த்துக் கொடுக்கும் கவுண்டர் நோட்டீஸை நிரப்பி அனுப்புவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த முறை காத்ர் போர்ன் பக்கத்துத் தம்பி ஒருவனின் கதை. கோயில் பெண்கள் பாடிய திருப்புகழுக்கு யூடியூப்பின் தானியங்கிச் சோதனை முதலில் இது இன்னொருவருடைய பாட்டு என்று வெறும் கிளெய்ம் போட்டது. அந்தக் கட்டத்தில் வீடியோ போகாது, சேனலுக்குத் தண்டனையாகப் பதிவாகும் ஸ்ட்ரைக்கும் விழாது. மறுத்து எழுதினான், பதில் சொல்ல உரிமை கோருபவருக்கு 30 நாள். ஒரு கேசட் கம்பெனி "எங்களுடையதுதான்" என்றது. இவன் அப்பீல் போட்டான். உடனே வீடியோவை நீக்கச் சொல்லிக் கம்பெனி கேட்டது. 7 நாள் கெடு வந்தது. அதற்குள் அப்பீலைத் திரும்பப் பெற்றிருந்தால் ஸ்ட்ரைக் இல்லாமல் தப்பியிருக்கலாம். பையன் பிடிவாதக்காரன், விட்டுவிட்டான். வீடியோ போச்சு, ஸ்ட்ரைக் விழுந்தது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

கவுண்டர் நோட்டீஸ் என்கிற வழி இங்கேதான் திறக்கிறது. இதைப் பலர் யூடியூப்பிடம் கொடுக்கும் இன்னொரு புகார் மனு என்று நினைக்கிறார்கள். படிவத்தில் இருக்கும் வாசகங்களைப் படித்தால் வியர்க்கும். உங்கள் உண்மைப் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எதிராளிக்கு அப்படியே போகும். தவறுதலாகவோ வேறொன்று என்று தப்பாக அடையாளம் கண்டோ நீக்கப்பட்டது என்று நம்புவதாகப் பொய்ச் சாட்சியத் தண்டனைக்கு உட்பட்டுச் சத்தியம் செய்கிறீர்கள். அப்புறம், அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள் யூடியூப் இருக்கும் மாவட்டத்தின் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குச் சம்மதிக்க வேண்டும். அதாவது கலிஃபோர்னியா. காத்ர் போர்ன் பையனை அங்கே இழுக்க அவனே கையெழுத்துப் போட்டுத் தருகிறான்.

அனுப்பிய பிறகு, வழக்குத் தொடர்ந்ததற்கான ஆதாரத்தைக் காட்ட, நீக்கச் சொன்னவர்களுக்கு 10 அமெரிக்க வேலை நாட்கள் உண்டு. காட்டாவிட்டால் வீடியோ திரும்பும், ஸ்ட்ரைக்கும் போகும். ஒரு காவடி வீடியோவுக்காக யார் கலிஃபோர்னியாவில் வக்கீல் வைப்பான் என்று கேட்கலாம். பெரும்பாலும் வைக்க மாட்டான்தான். ஆனால் உங்கள் பாதுகாப்பு அவனுடைய சோம்பேறித்தனத்தை நம்பி இருக்கக் கூடாது. வழக்குப் போட்டு வென்றால், நேரத்தில் அங்கே பதிவு செய்த படைப்புக்கு நஷ்டத்தைக் காட்டாமலே 750 முதல் 30,000 டாலர் வரை கேட்க அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வேண்டுமென்றே செய்ததென்றால் 1,50,000 வரை.

அதனால் முதல் கேள்வி "திருப்புகழ் பழசா?" என்பதே இல்லை. அருணகிரிநாதர் 15ஆம் நூற்றாண்டுக்காரர், பாடல் வரிகளுக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் இன்று நாம் பாடும் பல திருப்புகழ் மெட்டுகள் 20ஆம் நூற்றாண்டில் போடப்பட்டவை. மெட்டு போட்டவருக்கு இந்தியச் சட்டத்தில் அவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை இருக்கிறது. கேசட்டில் பதிவான குரலுக்கும் மேளத்துக்கும் தனி உரிமை. வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் மூன்று சொத்து. கம்பெனிக்காரன் எதைச் சொல்லிக் கேட்கிறான் என்று தெரியாமல் "தவறு" என்று சத்தியம் செய்வது எப்படி?

தம்பியைக் கூப்பிட்டு ஹெட்போன் போட்டு வீடியோவை முழுசாகக் கேட்கச் சொன்னேன். பெண்கள் பாடியது அவர்கள் குரலேதான், பதிவு கம்பெனியுடையது அல்ல. ஆனால் ஊர்வலம் கோயில் வாசலுக்குத் திரும்பும் இடத்தில், "அரோகரா" சத்தத்துக்குப் பின்னால், கோயில் ஒலிபெருக்கியில் ஒரு சினிமா பக்திப் பாட்டு தெளிவாக ஓடுகிறது. அவன் கவனிக்கவே இல்லை. நீக்கக் கேட்ட கடிதத்தில் அந்தப் பாட்டின் பெயர் இல்லை, திருப்புகழின் பெயர்தான் இருக்கிறது. ஆக, பிழையான கோரிக்கை என்று சொல்லலாம். ஆனால் வீடியோ முழுதும் சுத்தம் என்று சொல்ல முடியாது. வழக்கு வந்தால் அந்தத் துண்டையும் யாராவது பிடித்துக்கொள்ளலாம்.

பிறகு பாடிய அத்தையிடம் போய்க் கேட்டோம், மெட்டு யார் சொல்லித் தந்தது என்று. "அம்மா பாடினது" என்றார். அம்மாவுக்கு? "கேசட்டா இருக்குமோ என்னவோ."

இந்தப் பதிலோடு சத்தியம் செய்யச் சொல்ல என்னால் முடியவில்லை. முதலில் கம்பெனிக்கு மரியாதையாக எழுதச் சொன்னேன்: இது எங்கள் கோயில் பெண்களின் சொந்தக் குரல், பதிவு உங்களுடையதென்று நினைத்திருந்தால் கோரிக்கையைத் திரும்பப் பெறுங்கள், மெட்டுக்கு உரிமை கோருகிறீர்களென்றால் யார் மெட்டு என்று சொல்லுங்கள். திரும்பப் பெற்றால் ஸ்ட்ரைக் உடனே நீங்கும், வீட்டு முகவரியும் சத்தியமும் தேவைப்படாது. மெட்டுக்காரரின் பெயரைச் சொன்னால் ஸ்ட்ரைக் காலாவதியாகும் வரை பொறுத்துக்கொள்ளலாம். பதிவு மட்டும்தான் என்று பதில் வந்தால், அப்போது நானே பக்கத்தில் உட்கார்ந்து கவுண்டர் நோட்டீஸை நிரப்பித் தருவேன். அதுவரை அந்த வீடியோவை வேறு பெயரில் திரும்ப ஏற்றாதே என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது ஸ்ட்ரைக் அப்படித்தான் வரும்.