‘இணைக்க முடியவில்லை’ என்றால், எது எதனோடு இணையவில்லை?

கடந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் பேத்திக்குத் தண்ணீர்மலையில் காது குத்தினார்கள். படமெடுக்கும் பொறுப்பு வழக்கம்போல என்னுடையது. முழங்கால் வலியால் வர இயலாத பெரியம்மா சுங்கை பட்டாணியில் காத்துக்கொண்டிருந்தார். “குழந்தை அழுதாளா, படம் எங்கே?” என்று புலனத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார். கேமராவில் படங்கள் இருந்தன, கையில் புதுக் கைப்பேசியும் இருந்தது. ஆனால் பாயான் லெப்பாஸில் அக்கா வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் முயன்றும், கேமராவிலிருந்து படங்களைக் கைப்பேசிக்குக் கொண்டுவரும் செயலி “இணைக்க முடியவில்லை, மீண்டும் முயல்க” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

கேமராக்களில் கம்பியில்லா வசதி வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்ட பிறகும், இந்த ஒற்றை வரிக்குள் முற்றிலும் வேறான இரண்டு தோல்விகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதே என் குறை. எது தோற்றது என்று தெரியாதவரை நாம் செய்வதெல்லாம் குருட்டு முயற்சிதான். அதிலும் கேமராவையும் கைப்பேசியையும் மாற்றி மாற்றி அணைத்துப் போடுவது, நிலைமையைப் பெரும்பாலும் இன்னும் சிக்கலாக்குகிறது.

கேமராவுக்கும் கைப்பேசிக்கும் இடையே நடப்பது ஒரு இணைப்பு அல்ல, இரண்டு. முதலாவது புளூடூத். இது மின்கலத்தை அதிகம் தின்னாமல் எப்போதும் விழித்திருந்து, நேரம், இடம் போன்ற சிறு தகவல்களைப் பரிமாறும். படம் வேண்டும் என்று நாம் கேட்கும்போது கேமராவின் வைஃபையை எழுப்பி, அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் கைப்பேசிக்குச் சொல்வதும் இதுவே. இரண்டாவது இணைப்பு அந்த வைஃபை. பல கேமராக்களில் முழு அளவுப் படங்கள் இதன் வழியாகத்தான் வருகின்றன. ஏனெனில் 10 மெகாபைட் அளவுள்ள ஒரு படத்தை இத்தகைய குறைந்த மின்சக்திப் புளூடூத்தில் அனுப்பினால் நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். சில கேமராக்கள் 2 மெகாபிக்சல் அளவுக்குச் சுருக்கிய படத்தை மட்டும் புளூடூத்திலேயே அனுப்பிவிடும். புலனத்தில் பார்க்க அது போதும், அச்சடிக்கப் போதாது. ஆக, புளூடூத் கூப்பிடுகிற ஆள், வைஃபை சுமந்து வருகிற ஆள். இருவரில் யார் வரவில்லை என்பதைத்தான் முதலில் கண்டறிய வேண்டும்.

அதற்குச் செயலியைப் பார்த்துப் பயனில்லை, கேமராவின் திரையைப் பார்க்க வேண்டும். கேமரா தன் வைஃபையின் பெயரைத் திரையில் காட்டும் கட்டம் வரை வந்துவிட்டால், புளூடூத் தன் வேலையை முடித்துவிட்டது, கோளாறு அதற்கு அப்பால் இருக்கிறது. அந்தப் பெயர் வரவே இல்லை என்றால், கோளாறு பெரும்பாலும் புளூடூத்தில்தான்.

எனக்கு நேர்ந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன். போன மாதம்தான் கைப்பேசியை மாற்றினேன். பழையதிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றியபோது கேமராச் செயலியும் கூடவே வந்துவிட்டது. ஆனால் புளூடூத் இணைப்பு அப்படி வராது. இரண்டு கருவிகளை முதன்முறை இணைக்கும்போது அவை தமக்குள் ஒரு இரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கொரு பிரதியை வைத்துக்கொள்கின்றன. என் கேமராவின் சாவிக்கு ஜோடியாக இருந்தது பழைய கைப்பேசி மட்டுமே. இது எனக்குத் தெரிந்ததால், புதியதில் முறைப்படி முதலிலிருந்து இணைக்கத் தொடங்கினேன். கேமராத் திரையில் ஆறு இலக்க எண் வந்தது, கைப்பேசியிலும் அதே எண் வந்தது, இரண்டிலும் சரி என்று அழுத்தினேன். சில நொடிகளில் “இணைக்க முடியவில்லை” என்று வந்தது. நான்கு முறை இப்படியே.

ஐந்தாவது முறை எரிச்சலில் கேமராவின் புளூடூத் பட்டியலுக்குள் போனபோதுதான் விஷயம் பிடிபட்டது. கேமரா யாருடனும் இணையாமல் இல்லை. அது மிக மகிழ்ச்சியாக என் பழைய கைப்பேசியோடு இணைந்திருந்தது. அந்தக் கைப்பேசியை இப்போது என் மகன் வைத்திருக்கிறான். அவன் அதே அறையில், நாற்காலியில் சாய்ந்தபடி விளையாடிக்கொண்டிருந்தான். அதில் புளூடூத் திறந்திருந்தது, செயலியும் இருந்தது. என் கேமரா ஒரு நேரத்தில் ஒரு கைப்பேசியோடு மட்டுமே பேசும். இணைக்கும் பக்கத்தைவிட்டு அது வெளியே வந்த மறு நொடி, பழைய கைப்பேசி அதைப் பிடித்துக்கொண்டது. இத்தகைய கேமராக்களில் பல, அணைத்து வைத்த பிறகும் புளூடூத்தை விழிப்பாகவே வைத்திருக்கும் அமைப்பைக் கொண்டவை. அதனால்தான் நான் எத்தனை முறை அணைத்துப் போட்டும் எதுவும் மாறவில்லை. திரையில் புளூடூத் குறி இணைந்ததாக ஒளிரும்போது உங்கள் கைப்பேசி இணையவில்லை என்று சொன்னால், வீட்டில் வேறொரு கைப்பேசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

மகனின் புளூடூத்தை அணைத்த பிறகும் உடனே சரியாகவில்லை. அதற்கு என் நான்கு முயற்சிகளே காரணம். ஒவ்வொரு முறையும் பாதியில் அறுந்ததால், புதுக் கைப்பேசியின் பட்டியலில் கேமராவின் பெயர் ஏறியிருந்தது, கேமராவிலோ அதற்குரிய சாவி இல்லை. ஒரு பக்கம் நினைவு வைத்திருக்க, மறுபக்கம் மறந்துவிட்டால், இருவரும் ஒருவரையொருவர் நம்பாமல் கையை விட்டுவிடுவார்கள். கடைக்குக் கொண்டுபோனால் கேமராவின் இணைப்பு அமைப்புகளை மொத்தமாக அழித்துவிடுங்கள் என்று சொல்வார்கள். முன்பு ஒருமுறை எனக்கே ஒரு கடைக்காரர் அப்படிச் சொல்லியிருக்கிறார். அது அரைகுறை ஆலோசனை. கேமராவின் சாவியை மட்டும் அழித்துவிட்டுக் கைப்பேசியின் சாவியை விட்டுவைப்பது, மேலே சொன்ன பொருத்தமின்மையை நாமே உருவாக்குவதாகும்.

மூன்று இடங்களிலும் அழிக்க வேண்டும்: கைப்பேசியின் புளூடூத் பட்டியலில் கேமராவின் பெயரைத் தொட்டு Forget கொடுக்க வேண்டும், செயலிக்குள் இருக்கும் கேமராவை நீக்க வேண்டும், கேமராவின் பட்டியலில் உள்ள கைப்பேசியின் பெயரையும் நீக்க வேண்டும். பழைய கைப்பேசி வீட்டிலேயே இருந்தால் அதிலும் இதைச் செய்துவிடுவது நல்லது. அதன் பின் இரண்டையும் ஒருமுறை அணைத்துப் போட்டு, புதிய இணைப்பைச் செயலிக்குள்ளிருந்து தொடங்க வேண்டும். கைப்பேசியின் புளூடூத் பக்கத்திலிருந்து நேரே இணைத்தால், பெயர் பட்டியலில் ஏறுமே தவிர, செயலிக்கு அது தெரியாமல் போகலாம். இன்னொன்று, ஆண்ட்ராய்டில் இணைப்பை ஏற்கும் கேள்வி சில சமயம் திரையின் நடுவில் வராமல், மேலிருந்து இழுத்துப் பார்க்கும் அறிவிப்புகளில் ஒளிந்துகொள்ளும். நாம் கேமராவையே பார்த்துக்கொண்டிருப்போம், நேரம் கடந்துவிடும். கேமராவே தென்படவில்லை என்றால் அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் செயலிக்கு Nearby devices அனுமதி வேண்டும், அதற்கு முந்தியவற்றில் இட அனுமதி கொடுத்து இடச் சேவையையும் திறந்து வைக்க வேண்டும்.

மூன்று இடத்திலும் அழித்த பின் முதல் முயற்சியிலேயே புளூடூத் அறுந்துபோகாமல் இணைந்தது. படங்களைக் கேட்டேன். கேமராத் திரையில் வைஃபை பெயர் வந்தது. பத்து நொடி கழித்து மீண்டும் அதே வரி: “இணைக்க முடியவில்லை.”

வார்த்தை அதேதான், நோய் வேறு. இப்போது விழுந்தது வைஃபை. கேமராவின் வைஃபையில் இணையம் கிடையாது, அது இரண்டு கருவிகளுக்கு இடையே போட்ட ஒரு சிறு பாலம் மட்டுமே. ஆனால் இன்றைய கைப்பேசிகள் இணையமில்லாத வைஃபையைப் பழுதான வைஃபை என்றே கருதுகின்றன. “இணைய வசதி இல்லை, தொடர்ந்து இணைந்திருக்கவா?” என்று ஒரு கேள்வி வரும். அதைக் கவனிக்காமல் விட்டாலோ, வேண்டாம் என்று சொன்னாலோ, கைப்பேசி மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். நான் செய்தது இது: மொபைல் டேட்டாவை அணைத்தேன், கேமராவின் மெனுவில் இருந்த வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் பார்த்துக் கைப்பேசியின் வைஃபைப் பக்கத்தில் நானே இணைத்தேன், தொடர்ந்து இணைந்திருக்கவா என்ற கேள்விக்கு ஆம் என்றேன். அப்போதும் செயலி கேமராவைக் காணவில்லை. விளம்பரங்களைத் தடுக்க நான் போட்டிருந்த விபிஎன் ஓடிக்கொண்டிருந்தது. அது கைப்பேசியின் போக்குவரத்து அனைத்தையும் தன் வழியே திருப்ப முயன்றதால், பக்கத்தில் இருந்த கேமராவுக்கு வழி இல்லாமல் போயிற்று. அதை நிறுத்தியதும் படங்கள் வரிசையாகத் தோன்றின.

ஐஃபோன் வைத்திருக்கும் மச்சானுக்கு முன்பு இதே கட்டத்தில் வேறொரு தடை வந்தது. வைஃபை இணைந்தே இருந்தது, செயலி மட்டும் கேமராவைத் தேடிக்கொண்டே இருந்தது. 2020-இல் வந்த ஐஓஎஸ் 14 முதல், உள்வலையில் உள்ள கருவிகளோடு பேச ஒவ்வொரு செயலிக்கும் தனி அனுமதி வேண்டும். முதன்முறை கேட்டபோது அவர் யோசிக்காமல் மறுத்திருக்கிறார். Privacy & Security பக்கத்தில் Local Network என்பதற்குள் போய் அந்தச் செயலிக்குத் திறந்துவிட்டதும் சரியாயிற்று.

40 படங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன், மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. அன்று எடுத்த 300-க்கும் மேற்பட்ட படங்களுக்கும் இதே வழியை நான் நாடமாட்டேன். கேமரா அட்டையை எடுத்து, கைப்பேசியில் செருகும் ஒரு சிறு கார்டு ரீடரில் போட்டு, DCIM கோப்புறையைத் திறந்தால் இணைப்பு என்ற பேச்சே இல்லை. கம்பியில்லா வழி, பெரியம்மாவுக்கு உடனே நான்கு படம் அனுப்பத்தான். கேமரா நிறுவனங்களிடம் நான் கேட்பது புது வசதி அல்ல, இரண்டு வேறு வாக்கியங்கள்: “உங்கள் கேமரா இப்போது வேறொரு கைப்பேசியோடு இணைந்திருக்கிறது” என்பது ஒன்று, “உங்கள் கைப்பேசி கேமராவின் வைஃபையை விட்டு விலகிவிட்டது” என்பது மற்றொன்று. முதலாவது, கேமராவின் சொந்தப் பட்டியலிலேயே எழுதியிருந்த செய்தி. அதைச் செயலியில் காட்ட மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

மொபைல் டேட்டாவை மீண்டும் திறக்க மறந்ததால், படங்கள் கைப்பேசியில் வந்த பிறகும் புலனத்தில் கால் மணி நேரம் ஒற்றைக் கடிகாரக் குறியோடு நின்றன. அதையும் கண்டுபிடித்தவன் மகன்தான், விளையாட்டிலிருந்து தலை நிமிராமலே.