இரட்டைத் தலைகீழி வரைபடத்திலிருந்து Km எடுப்பதை நிறுத்துவோம்

நொதிகளுக்கான லேப் ரெக்கார்டுகளில் இன்னும் அதே வழக்கம்தான். சப்ஸ்ட்ரேட் செறிவுக்கும் வேகத்துக்கும் தலைகீழி எடுத்து, புள்ளிகள் வழியாக எக்செல் ஒரு கோடு போட, அது y அச்சை வெட்டும் இடத்திலிருந்து Vmax, x அச்சை வெட்டும் இடத்திலிருந்து Km எழுதிவிடுகிறார்கள். R² 0.99 வந்துவிட்டால் கையெழுத்தும் கிடைத்துவிடுகிறது. இது எனக்குச் சரியாகவே படவில்லை.

கணக்காகவே பார்ப்போம். ஒரு நொதியின் Vmax 60, Km 2 மில்லிமோலார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சப்ஸ்ட்ரேட் 0.5, 1, 2, 4, 8 மில்லிமோலார் கொடுத்தால் வேகம் 12, 20, 30, 40, 48 என்று வர வேண்டும். முதல் அளவீட்டில் மட்டும் சின்னப் பிசகு: 12-க்குப் பதில் 10 வந்துவிட்டது. பிப்பெட்டில் கொஞ்சம் குறைந்தாலே போதும், இப்படி ஆகிவிடும்.

இப்போது தலைகீழிக் கோடு போட்டால் Vmax 76, Km 3.2 என்று வருகிறது. அந்தக் கோட்டின் R² எவ்வளவு தெரியுமா? 0.99!

இதே 2 அலகுப் பிசகு கடைசி அளவீட்டில் நேர்ந்து, 48 என்பது 46 ஆனால் Vmax 58.7, Km 1.94. கிட்டத்தட்ட ஒன்றுமே ஆகவில்லை. காரணம் எளிது. 1/12-க்கும் 1/10-க்கும் உள்ள இடைவெளி, 1/48-க்கும் 1/46-க்கும் உள்ளதைப் போலப் பதினெட்டு மடங்கு. அதோடு செறிவு குறைந்த புள்ளி வலது கோடியில் தனியாக நிற்பதால், கோட்டின் சாய்வை அதுவே தீர்மானிக்கிறது. அளப்பதற்கு மிகக் கடினமான புள்ளிக்குத்தான் இந்த முறையில் அதிக அதிகாரம்.

வேகத்தில் வரும் பிழை எல்லாப் புள்ளியிலும் ஒரே அளவு என்றால், ஒவ்வொரு புள்ளிக்கும் v⁴ எடை கொடுக்க வேண்டும். அதாவது 48-க்கு 12-ஐவிட 256 மடங்கு எடை. 1934-இல் இந்த வரைபடத்தை முன்வைத்த லைன்வீவரும் பர்க்கும் எடை கொடுப்பதைப் பற்றி அப்போதே யோசித்தவர்கள்தான். பாடமாக வரும்போது கோடு மட்டும் தங்கிவிட்டது.

கோடு ஏமாற்றுகிறதா என்று கண்டுபிடிப்பது சுலபம். கிடைத்த 76-ஐயும் 3.2-ஐயும் மைக்கேலிஸ்-மென்டன் மூலச் சமன்பாட்டில் போட்டு, வளைவரையை அளந்த புள்ளிகள் மேலேயே வரையுங்கள். 8 மில்லிமோலாரில் அது 54 காட்டும். நாம் அளந்தது 48. வளைவரையையே நேரடியாகப் பொருத்தினால், அந்தப் பிசகு இருந்தும் Vmax 61-ஐ ஒட்டியும் Km 2.2-ஐ ஒட்டியும் வருகிறது. எக்செல் சால்வரே இதற்குப் போதும்.

அப்புறம் இன்னொன்று. Km குறைந்தால் நாட்டம் அதிகம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுகிறோம். சப்ஸ்ட்ரேட் நொதியைவிட்டுப் பிரியும் வேகத்தோடு ஒப்பிட்டால் வினை நடக்கும் வேகம் மிகக் குறைவு என்றால்தான் அது சரி.

தலைகீழி வரைபடத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தடுப்பான் எந்த வகை என்று பார்க்க அது அருமையான படம். கோடுகள் y அச்சில் சந்தித்தால் போட்டித் தடுப்பு, இணையாக ஓடினால் தடுப்பான் நொதி-சப்ஸ்ட்ரேட் கூட்டில்தான் ஒட்டுகிறது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, எண்களை வளைவரைப் பொருத்தத்திலிருந்து எடுங்கள்.