யன்னலை முதுகுப்புறம் வைப்பது பற்றி

“படமெடுக்கும்போது ஆளை யன்னலுக்கு முதுகு காட்டி இருத்தி, முன்னால் ரிஃப்ளெக்டர் பிடித்தால் முகம் தெளிவாக வரும்.”

ஓரளவு தெளியும், ஆனால் ரிஃப்ளெக்டர் தன்மீது விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கையே திருப்பித் தருவதால், முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தால் யன்னல் வெளுத்துப்போகும், யன்னலுக்கு வைத்தால் முகம் கறுக்கும். யன்னல் முன்பக்கத்தில் சாய்வாக ஒரு கன்னத்துக்கு நேரே வரும்படி இருத்தி, மறுபக்கம் முக உயரத்தில், பிரேமுக்குச் சற்று வெளியே ரிஃப்ளெக்டரை வைத்து, நிழற்பக்கக் கண்குழி துலங்கும்வரை மட்டும் கிட்டக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் போனால் முகம் தட்டையாகிவிடும். திருகோணமலையில் கடல் பார்த்த கிழக்கு யன்னலென்றால், காலை வெயில் நேரே விழும் என்பதால் மெல்லிய வெள்ளைத் துணி கட்டாமல் சரிவராது. யன்னல் வெளிச்சத்தோடு டியூப் லைட்டையும் போடச் சொல்பவர்களும் உண்டு. இரு வெளிச்சத்தின் நிறமும் பெரும்பாலும் ஒத்துப்போகாமல் தோலில் திட்டாகத் தெரியும் என்பதால் நான் அணைத்தே வைப்பேன், மாரிகால மந்தாரத்தில் யன்னல் வெளிச்சம் மட்டும் போதுமா என்பது வேறு கேள்வி.