மருத்துவமனையின் சம்பவ அறிக்கையில், யாரும் பார்க்காதபோது "விழுந்தார்" என்று எழுதலாமா?

"நோயாளி தரையில் கிடந்தால் 'கட்டிலிலிருந்து விழுந்தார்' என்று எழுதினால் போதும்" என்று சிலர் சொல்கிறார்கள்.

யாரும் பார்க்கவில்லை என்றால் அது ஊகம்தாங்க. கண்டதை மட்டும் எழுதுங்கள்: "இரவு 2:10-க்கு, கட்டிலின் இடப்பக்கம் தரையில் கிடந்தார். தரை ஈரமாக இருந்தது. என்ன நடந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை." நோயாளி "பாத்ரூம் போக எழுந்தேன், வழுக்கிடுச்சு" என்றால், அவர் சொற்களிலேயே மேற்கோளில் போடுங்கள். அவர் நடந்துபோய் விழுந்திருந்தால், "கட்டிலிலிருந்து" என்ற ஒரு சொல் எல்லாரையும் கட்டில் தடுப்பைப் பார்க்க வைக்கும். ஈரத் தரை அப்படியே கிடக்கும்.

"கவனக்குறைவு" என்று எழுதினால் அது முடிவுகட்டுவது, எழுதக்கூடாது என்று சொல்வது சரி. ஆனால் பார்க்காமலே "கட்டிலிலிருந்து விழுந்தார்" என்று எழுதுவதும் முடிவுகட்டுவதுதான்.

நீங்களே சரிபார்க்கலாம்: அறிக்கையின் ஒவ்வொரு வரியிடமும் "இதைக் கண்டது யார், சொன்னது யார்?" என்று கேளுங்கள். பதில் இல்லாத வரியை எடுத்துவிடுங்கள்.