வருஷ ரீசார்ஜா, மாச ரீசார்ஜா? கணக்குப் போடும்போது 84 நாள் பேக்கை விட்டுவிடாதீர்கள்

"மாசாமாசம் போட்டா வருஷத்துக்கு 4,500 ஆகுது, ஒரேயடியா 3,599 போட்டா 900 மிச்சம்." மொபைல் ரீசார்ஜ் பேச்சு வந்தாலே இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். கூட்டல் பெருக்கலில் பிழை இல்லை. ஆனால் ஒப்பிட வேண்டிய பேக்கை விட்டுவிட்டு, ஒப்பிடத் தேவையில்லாத ஒன்றோடு ஒப்பிடுகிறார்கள்.

2024 ஜூலை 3 முதல் அமலுக்கு வந்த ஜியோ விலைகளையே எடுத்துக்கொள்கிறேன். இன்றைய விலை வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது. தினம் 2 ஜிபி தரும் 28 நாள் பேக் 349 ரூபாய். 28 நாள் என்பது ஒரு மாதம் அல்ல. வருஷத்துக்கு 12 தடவை போட்டால் போதாது, 13 தடவை போட வேண்டும். அதாவது 4,537 ரூபாய். தினம் 2.5 ஜிபி தரும் 365 நாள் பேக் 3,599. இந்த இரண்டை மட்டும் பார்த்தால் வருஷ பேக்தான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை.

நடுவில் 84 நாள் பேக் இருக்கிறது. தினம் 2 ஜிபி, 859 ரூபாய். விலையை நாளால் வகுத்துப் பாருங்கள். 28 நாள் பேக்கில் ஒரு நாளுக்கு 12.46 ரூபாய். 84 நாள் பேக்கில் 10.23. வருஷ பேக்கில் 9.86. மொத்த லாபத்தில் பெரும்பங்கு 28-லிருந்து 84-க்குத் தாவும்போதே கைக்கு வந்துவிடுகிறது. 84-லிருந்து 365-க்குப் போவதால் வருஷத்துக்குக் கிடைப்பது சுமார் 134 ரூபாயும், தினம் அரை ஜிபி கூடுதல் டேட்டாவும்தான். அதற்காக 2,740 ரூபாயை முன்கூட்டியே கொடுத்து, ஒரு வருஷம் அதே கம்பெனியில் கட்டுண்டு கிடக்க வேண்டும். தினம் 1.5 ஜிபியே போதும் என்பவருக்கு 84 நாள் பேக் 799 ரூபாய். 365 நாளுக்குக் கணக்கிட்டால் 3,472. வருஷ பேக்கை விடவே குறைவு.

இன்னொன்று, "வருஷ பேக்" என்று கடைக்காரர் சொல்வதெல்லாம் 365 நாள் இல்லை. அதே ஜூலை பட்டியலில் 1,899 ரூபாய்க்கு 24 ஜிபி தந்த பேக்கின் வேலிடிட்டி 336 நாள். பன்னிரண்டு 28 நாள், அவ்வளவே. பதினோரு மாதத்தில் முடிந்துவிடும். எந்த பேக்காக இருந்தாலும் வேலிடிட்டி நாள் எண்ணிக்கையைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

சரி, விலை ஏறினால்? வருஷ பேக் போட்டவர் தப்பித்துவிடுவாரே? உண்மைதான். இந்தப் பாதுகாப்புக்கு விதியும் துணை நிற்கிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட வேலிடிட்டி சொல்லி முன்பணம் வாங்கிய திட்டத்தை, அந்தக் காலம் முடியும்வரை கம்பெனி அதே விலையில் தந்தாக வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. நடுவில் "விலை ஏறிவிட்டது, மீதியைக் கட்டு" என்று கேட்க முடியாது. ஆனால் அந்த விலைப் பூட்டு எத்தனை ரூபாய் பெறும், அதை எப்போது வாங்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

பெரிய விலையேற்றங்கள் வந்த தேதிகளைப் பாருங்கள். 2019 டிசம்பர், 2021 நவம்பர்-டிசம்பர், 2024 ஜூலை. ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு வருஷம், இரண்டரை வருஷம். இடையில் சில பேக்குகளைச் சத்தமில்லாமல் தூக்குவதும் வேலிடிட்டியைக் குறைப்பதும் நடக்கும், அது தனிக்கதை. அதைவிட முக்கியமான சங்கதி, இந்த ஏற்றங்கள் முன்னறிவிப்போடு வருகின்றன. 2024-ல் ஜியோ ஜூன் 27 அன்று அறிவித்தது, ஏர்டெல் மறுநாள். இரண்டும் அமலானது ஜூலை 3. 2021-ல் ஏர்டெல் நவம்பர் 22-ல் சொல்லி 26-ல் ஏற்றியது. ஜியோ 28-ல் சொல்லி டிசம்பர் 1-ல் ஏற்றியது. மூன்று நாளோ ஆறு நாளோ, ஒரு இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளியில் பழைய விலைக்கே வருஷ பேக்கை வாங்கி, இப்போதைய பேக் முடிந்ததும் தொடங்கும்படி வரிசையில் போட்டு வைக்கலாம்.

இதை ஒரு கணக்கில் பார்ப்போம். 2024 ஏப்ரல் 1 அன்று ஒருவர் 2,999 ரூபாய் வருஷ பேக் போடுகிறார். அன்றைய விலை அதுதான். இன்னொருவர் 719 ரூபாய்க்கு 84 நாள் பேக் போடுகிறார். இவருடைய முதல் பேக் ஜூன் 23-ல் முடிகிறது. ஜூன் 24-ல் இன்னொரு 719 போடுகிறார், அது செப்டம்பர் 15 வரை ஓடும். ஜூலை 3-ல் விலை ஏறுகிறது. 719 பேக் 859 ஆகிறது, 2,999 பேக் 3,599 ஆகிறது.

இவர் எதுவும் செய்யாமல் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 16-லிருந்து 859 கட்டுகிறார். 2025 மார்ச் 31 வரை கணக்கிட்டால் செலவு சுமார் 3,453 ரூபாய். வருஷ பேக் போட்டவரை விட 454 ரூபாய் அதிகம். பூட்டின் மதிப்பு இதுதான். அதுவும் விலையேற்றம் வந்த வருஷத்தில் மட்டும். விலை ஏறாத வருஷத்தில் இதே இரண்டு பேருக்கும் வித்தியாசம் 125 ரூபாய்தான்.

அறிவிப்பைப் பார்த்ததும் ஜூலை 2-க்குள் ஒரு 2,999 பேக்கை இவர் வரிசையில் போட்டிருந்தால்? அது செப்டம்பர் 16-ல் தொடங்குகிறது. மார்ச் 31 வரைக்கான செலவு சுமார் 3,057. முதலாமவரை விட 58 ரூபாய்தான் கூடுதல். பேக்கோ 2025 செப்டம்பர் 15 வரை பழைய விலையில் ஓடும். முதலாமவரும் அந்த வாரத்தில் இன்னொரு வருஷ பேக்கை வரிசையில் போட்டிருக்கலாம், அதை மறுக்கவில்லை. நான் சொல்வது, விலையேற்றத்துக்குப் பயந்து மாதக்கணக்கில் முன்பே வருஷ பேக்குக்குள் போய் உட்கார வேண்டிய அவசியம் இல்லை என்பது. செய்தி வந்த பிறகும் பூட்டலாம், செலவு ஏறக்குறைய அதேதான்.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. பணம் கட்டும் திரையில், புதிய பேக் எப்போது தொடங்கும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இப்போதைய பேக் முடிந்த பிறகு தொடங்கும் என்று தெளிவாக இருந்தால் கட்டுங்கள். உடனே தொடங்கும் என்றால் கையில் இருக்கும் மீதி நாட்கள் வீணாகும். கட்டிய பிறகு கம்பெனி ஆப்பில் உங்கள் பிளான்கள் பகுதிக்குப் போய், ஓடிக்கொண்டிருக்கும் பேக்குக்குக் கீழே புதியது காத்திருக்கிறதா என்று சரிபாருங்கள். கடைசி நாள் ராத்திரி வரை தள்ளிப்போடாதீர்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டும்போது பணம் பிடித்து ரீசார்ஜ் ஏறாமல் நின்றால், திருப்பிக் கிடைப்பதற்குள் புதிய விலை வந்துவிடும்.

இனி, பேக்கோடு வரும் வசதிகள். வருஷ பேக்கில் விலை மட்டும் பூட்டப்படுவதில்லை, உங்கள் தேவையும் சேர்ந்து பூட்டப்படுகிறது. 2024 ஜூலைக்குப் பிறகு ஜியோவில் அளவில்லா 5ஜி தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளுக்கு மட்டும் என்று ஆனது. இன்று கையில் 4ஜி போன் என்பதால் அந்த 24 ஜிபி பேக்கைப் போன்ற ஒன்றை நீண்ட காலத்துக்குப் போட்டு, நாலாம் மாதம் 5ஜி போன் வாங்கினால், அந்த வசதி உங்களுக்கு இல்லை. பாதியில் மேல் பேக்குக்கு மாறி வித்தியாசத்தை மட்டும் கட்ட வழி கிடையாது. மறுபக்கம், 5ஜி போனே இல்லாதவர் 5ஜிக்காக 3,599 கட்டுவதிலும் பொருள் இல்லை.

தினசரி டேட்டாவும் அப்படித்தான். 2.5 ஜிபி வீதம் 365 நாளுக்கு 912 ஜிபி என்று விளம்பரத்தில் பார்க்க மலைப்பாக இருக்கும். நள்ளிரவில் மிச்சம் அழிந்துவிடும், மறுநாளுக்குச் சேராது. போன் செட்டிங்ஸில் மொபைல் டேட்டா பயன்பாட்டைத் திறந்து போன மாதம் எவ்வளவு என்று பாருங்கள். வீட்டில் வைஃபை இருக்கும் பலருக்கு அது மூன்று, நான்கு ஜிபியைத் தாண்டாது. அவர்களுக்குத் தினசரி டேட்டா பேக்கே வேண்டாம். அதே 2024 ஜூலை பட்டியலில் 479 ரூபாய்க்கு 84 நாள், 6 ஜிபி என்று இருந்ததைப் போன்ற ஒரு பேக்கும், தேவைப்படும்போது 19 ரூபாய்க்கு ஒரு ஜிபி என்று இருந்ததைப் போன்ற டேட்டா பேக்கும் போதும்.

ஓடிடி சேர்த்துத் தருகிறார்கள் என்பதற்காக வருஷ பேக்குக்குப் போவதை நான் ஏற்க மாட்டேன். பெரும்பாலும் கிடைப்பது மொபைலில் மட்டும் பார்க்கும் அடிப்படைச் சந்தா, டிவியில் ஓடாது. நாமே ஆப்பில் போய் அதைச் செயல்படுத்தாவிட்டால் பல நேரம் அதுவும் கிடைக்காது. ஒரு வருஷத்துக்குள் அந்த ஓடிடியே மாறிப்போகலாம்: 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் டிஸ்னி+ ஹாட்ஸ்டாரும் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது நினைவிருக்கும். பேக் விலையில் ஓடிடிக்கு நீங்கள் தனியாகக் கட்டியிருக்கக்கூடிய தொகையை மட்டும் கழித்துப் பாருங்கள். கட்டியே இருக்க மாட்டீர்கள் என்றால் கழிக்க வேண்டியது பூஜ்யம்.

வருஷ பேக்கில் பெரிய ஆபத்து சிக்னல். வீடு மாறுகிறீர்கள், வேலை ஊர் மாறுகிறது, புது இடத்தில் உள்ளறைக்குள் சிக்னல் வரவில்லை. 1900-க்கு PORT என்று போட்டு எண்ணை அனுப்பினால் போர்ட் கோடு வரும், கம்பெனி மாறிவிடலாம். ஆனால் மீதி வேலிடிட்டி புதிய கம்பெனிக்கு வராது, பணமும் திரும்பாது. எட்டு மாதம் மிச்சமிருக்கும்போது மாறினால் 3,599-ல் சுமார் 2,400 ரூபாய் போய்விடும். 84 நாள் பேக்கில் மோசமான நிலையிலும் இழப்பு 859-க்குள்தான். வருஷத்துக்கு 134 ரூபாய் மிச்சத்தைத் தேடிப் போய் இந்த அபாயத்தை ஏற்பதா என்பதை ஒவ்வொருவரும் தங்கள் நிலையை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்கள், வேலை தேடுபவர்கள், கல்லூரி கடைசி வருஷப் பிள்ளைகள் வருஷ பேக் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து.

அப்படியானால் வருஷ பேக் யாருக்கு? இடமும் தேவையும் மாறாத சிம்முக்கு. ஊரில் இருக்கும் அம்மா அப்பாவின் சாதாரண பட்டன் போன், பேங்க் ஓடிபிக்காக மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது சிம், வெளிநாட்டில் இருப்பவர்களின் இந்திய எண். இங்கே மறந்துபோய் ரீசார்ஜ் விட்டு, அழைப்பும் ஓடிபியும் நிற்பதுதான் உண்மையான நஷ்டம். 2024 டிசம்பரில் டிராய், பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் பேக்குகளைக் கம்பெனிகள் கட்டாயம் தர வேண்டும் என்றது. அதன்பின் 2025 ஜனவரியில் ஏர்டெல் கொண்டுவந்தது 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849. நாள் கணக்கில் 5.58-க்கு எதிராக 5.07, வருஷத்துக்கு 189 ரூபாய் மிச்சம், நான்கு தடவை நினைவு வைக்கும் வேலையும் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: இதில் டேட்டா துளியும் கிடையாது. பேரப்பிள்ளையின் வீடியோ காலுக்காக அப்பா வாட்ஸ்அப் பார்க்கிறவர் என்றால், வைஃபை இல்லாத வீட்டில் இந்த பேக்கைப் போட்டுவிடாதீர்கள்.