தண்ணீர் மாத்திரையும் விளக்கெண்ணெயும்

தீபாவளிப் பலகாரம் தீர்ந்த கையோடு, பினாங்கில் எங்கள் சொந்தக்காரர் வீடுகளில் விளக்கெண்ணெய்ப் போத்தல் வெளியே வந்துவிடும். “குடலைக் கழுவினாத்தான் உடம்பு லேசாகும்” என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை, அதுவும் வயதானவர்கள் விஷயத்தில்.

எண்ணெய் வழுக்கிக்கொண்டு போய் மலத்தைத் தள்ளிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சிறுகுடலில் அந்த எண்ணெய் செரித்து, ரிசினோலிக் அமிலம் பிரிகிறது. குடல் தசையில் இருக்கும் ஒருவகை ஏற்பியை அது தூண்ட, தசை இறுகிச் சுருங்குகிறது. 2012-இல் வெளியான ஆய்வில், அந்த ஏற்பி இல்லாத எலிகளுக்கு இதே எண்ணெயைக் கொடுத்தும் பேதியாகவில்லை. ஆக, நாம் ‘முறுக்கிப் பிடிக்குது’ என்று சொல்வது மருந்தின் பக்கவிளைவு மட்டுமல்ல, அது வேலை செய்யும் விதமே அதுதான். கருப்பையிலும் அதே ஏற்பி உண்டு. பிள்ளைத்தாய்ச்சிகள் தாங்களாக இதைக் குடிக்கக் கூடாது என்பது அதனால்தான்.

அடுத்தது தண்ணீர். குடிப்பதும் உடம்பே சுரப்பதுமாக ஒரு நாளில் எட்டு ஒன்பது லிட்டர் நீர் குடலுக்குள் வருகிறது. அதில் பெரும்பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். விளக்கெண்ணெய் அந்த உறிஞ்சலைக் கெடுத்துவிடுகிறது. நீரோடு சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்தே வெளியேறுகின்றன.

பெராயில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு எழுபது வயது. பிரஷருக்குத் தண்ணீர் மாத்திரை சாப்பிடுகிறவர். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, வெறும் வயிற்றில் கோப்பி ஓவில் இரண்டு பெரிய கரண்டி, அதாவது சுமார் 30 மில்லி, கலந்து குடித்திருக்கிறார். பெரியவர்களுக்கு 15 முதல் 60 மில்லி வரை என்பதுதான் வழக்கமான அளவு, அதனால் அளவு மீறியதாகச் சொல்ல முடியாது. மூன்று மணி நேரத்தில் ஆரம்பித்தது. மாத்திரை சிறுநீர் வழியாகவும் எண்ணெய் குடல் வழியாகவும் ஒரே நேரத்தில் நீரை இறக்கின. மதியம் எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, சிறுநீரோ அடர் மஞ்சளாகக் கொஞ்சம்தான். கிளினிக்கில் பிரஷர் இறங்கியிருப்பதைப் பார்த்து டிரிப் ஏற்றினார்கள்.

இந்த நிலையில் வெறும் தண்ணீரும் தே ஓவும் மாறி மாறிக் கொடுத்தால் போன உப்பு திரும்பாது. மருந்துக்கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவு நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவேண்டும். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. தலைசுற்றலோடு சிறுநீரும் குறைந்தால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மூன்றாம் நாள் பெரியம்மா போன் போட்டார். “இன்னும் வெளிக்கே போகலடா, இன்னொரு கரண்டி குடிக்கட்டுமா?” பலர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஒரேயடியாகக் காலியான குடல் மறுபடி நிறைய இரண்டு மூன்று நாளாகும். அதை மலச்சிக்கல் என்று நினைத்து மறுபடி எண்ணெய் குடித்தால், இன்னும் மீளாத உடம்பிலிருந்து மறுபடி நீரும் உப்பும்தான் போகும். “வயித்துல ஒண்ணுமே இல்ல பெரியம்மா, முதல்ல கஞ்சி குடிங்க” என்றேன்.