READY வராட்டி உடனே பெரிய பற்றரிக்கு விலை கேக்காதேங்கோ

எங்கட யாழ்ப்பாணத்தில இப்ப இதொரு வழக்கமாப் போச்சு. ஹைபிரிட் கார் முக்கோண எச்சரிக்கை லைற்றைக் காட்டி, ஓட ஆயத்தம் எண்டு காட்டுற READY லைற் வராமல் அடம்பிடிக்கும். வாறவர் ஸ்கானரைக் குத்துவார், பத்துப் பதினைஞ்சு பிழைக் கோட் விழும். "அண்ணை, ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது" எண்டு லட்சக்கணக்கில ஒரு விலை சொல்லுவார். 2020இல நிப்பாட்டின வாகன இறக்குமதி 2025 வரை திறபடாததால எங்களிட்ட ஓடுற ஹைபிரிட் கனக்கப் பழசு. பயம் காட்டினா வீட்டுக்காரர் காசைக் குடுத்திடுவினம்.

நான் சொல்லுறது ஒண்டுதான். 12 வோல்ற் பற்றரியை மீற்றர் வைச்சு அளந்து காட்டாத ஆளிட்டப் பெரிய பற்றரிக்கு விலை கேக்காதேங்கோ.

கார் நிப்பாட்டியிருக்கேக்க பெரிய பற்றரி ரிலேகளால துண்டிச்சே இருக்கும். அந்த ரிலேகளை இழுத்துப் பிடிக்கிறதும், கம்பியூட்டர்களை எழுப்புறதும் அந்த 12 வோல்ற் சின்னப் பற்றரி. அதில வலு குறைஞ்சால் பெரியது எவ்வளவு நல்லா இருந்தாலும் READY வராது. சாதாரண கார் எண்டால் ஸ்ராட்டர் முக்கிக் காட்டிக் குடுக்கும். இதில அது இல்லை, அதால ஆருக்கும் பிடிபடுறதில்லை.

கோண்டாவிலில ஒரு மாமாவின்ர 30 மொடல் பிரியஸ் கார். பிள்ளையளிட்டக் கனடாவுக்குப் போய் வரும்வரை கார் போர்ட்டிகோவில நிண்டது. டாஷ்கமராவை ஆரோ நேரடியாப் பற்றரியில குடுத்திருந்தவை. வந்து பாத்தால் READY இல்லை. ஒருத்தர் வந்து எல்லாத்தையும் கழட்டிப் பாத்திட்டு, பெரிய பற்றரி மாத்தவேணும் எண்டிட்டுப் போயிருந்தார்.

நான் மீற்றரை எடுக்க மாமா கேட்டார்: "தம்பி, உள் லைற் எல்லாம் எரியுதே, பிறகெப்பிடிப் பற்றரி குறையும்?"

பின்பக்க டிக்கியில வலப்பக்கம் அந்தப் பற்றரி. சும்மா இருக்கேக்க 11.6 வோல்ற். நல்லதெண்டால் 12.6 கிட்ட நிக்கவேணும். பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை ரெண்டு தரம் அமத்தி, ஹெட்லைற்றையும் போட்டவுடனே 9.9க்கு விழுந்திட்டுது. உள் லைற் எரிய இது காணும், கம்பியூட்டர்களுக்குக் காணாது. வோல்ற் விழ விழ அதுகள் ஒண்டையொண்டு தொடர்புகொள்ள ஏலாமல் U எண்டு தொடங்கிற கோட்டுகளை அள்ளிக் கொட்டும். அந்தப் பட்டியலைப் பாத்துத்தான் முதல் வந்தவர் முடிவெடுத்தவர்.

இன்னொரு வேலையும் செய்தன். லைற் எரிஞ்சபடி இருக்க, மீற்றரின்ர ஒரு முனையைப் பற்றரியின்ர ஈயத் தலையிலயும் மற்றதை அதைப் பிடிச்சிருக்கிற கிளாம்பிலயும் வைச்சன். ரெண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற உலோகம், கிட்டத்தட்டப் பூச்சியம்தான் காட்டவேணும். காட்டினது 0.7. கிளாம்பைக் கழட்டினால் உள்ளுக்கு மடிச்சு வைச்ச தகரத் துண்டு! இந்தக் காருக்கு மெல்லிய தலையுள்ள பற்றரி. முந்தி ஆரோ தடிச்ச தலைப் பற்றரி போடக் கிளாம்பை விரிச்சு, பிறகு சரியானது வர, தகரத்தால அடைச்சிருக்கினம். எங்கட உப்புக் காத்துக்கு அந்தத் தகரம் துருப்பிடிச்சுக் கிடந்தது.

கிளாம்பை மாத்தி, பற்றரியை இரவு முழுக்க மெதுவாச் சார்ஜ் பண்ணினம். காலமை 12.7. கோட்டுகளை அழிச்சுத் திருப்பிப் பாத்தால் U ஒண்டும் இல்லை. ஆனா READYயும் இல்லை! மிஞ்சினது ஒரே கோட், P0A0D.

அது உயர் வோல்ற் பாதையில ஒரு கொனெக்ரர் முழுசாப் பூட்டுப்படேல்லை எண்டுற கோட். பெரிய பற்றரியைத் துண்டிக்கிற செம்மஞ்சள் பிடியைப் பாத்தன். செருகி, மடக்கி, கடைசியா ஒரு பக்கம் தள்ளிப் பூட்டவேணும். அந்தக் கடைசித் தள்ளலிலதான் உள்ளுக்கிருக்கிற சின்னக் கொனெக்ரர் சேரும். முதல் வந்தவர் மடக்கினதோட விட்டிட்டார். பவரை நிப்பாட்டி, திறப்பைத் தூர வைச்சு, சின்னப் பற்றரியின்ர மைனஸைக் கழட்டி, பத்து நிமிசம் விட்டு, உயர் வோல்ற் ரப்பர் கையுறையோட தள்ளிப் பூட்டினன். மைனஸைத் திருப்பிப் போட்டுப் பட்டனை அமத்த READY வந்திட்டுது. சின்னப் பற்றரியில 14.2 வோல்ற், அதாவது காரே அதைச் சார்ஜ் பண்ணத் தொடங்கியிட்டுது.

மீற்றர் பிடிக்கத் தெரிஞ்ச ஆரும் 12 வோல்ற் அளவுகளை வீட்டிலயே பாக்கலாம். செம்மஞ்சள் நிறத்தில என்ன கண்டாலும் கண்ணால பாக்கிறதோட நிப்பாட்டுங்கோ, பிரியஸில உள்ளுக்கு 200 வோல்ற் கிடக்கு.

இவ்வளவும் சரியாக்கி, கோட்டை அழிச்ச பிறகும், பெரிய பற்றரி பழுது எண்டுற P0A80 கோட் திரும்பி வந்தால் அது வேற கதை. அப்பவும் ஓடவிட்டு, பெரிய பற்றரியின்ர எல்லாத் தொகுதியின்ர வோல்ற்றையும், பிரியஸ் எண்டால் 14 தொகுதியின்ரயும், ஸ்கானரில காட்டச் சொல்லுங்கோ. இழுவையில ஒண்டு மட்டும் மற்றதுகளை விட ஒரு வோல்ற்றுக்கு மேல விழுந்தால், அவர் சொல்லுறது உண்மைதான்.